நடுக்கம் சில நிமிடம், திட்டு இரண்டு நாள்

திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனியில் கியூசி, அதாவது தரச் சோதனைப் பொறுப்பில் இருக்கிறேன். சரக்கு கப்பலுக்குப் போகும் முன், அதை வாங்கும் பையர் தரப்பிலிருந்து ஒருவர் வந்து பெட்டிகளைப் பிரித்துப் பார்ப்பார். அதை ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் என்போம். அன்று காலையில் எனக்கு வயிறு கலங்கும், உள்ளங்கை வேர்க்கும். மேசையில் விரித்த டி-ஷர்ட்டின் மார்பளவை டேப் வைத்து அளக்கும்போது விரல் நடுங்கும். இன்ஸ்பெக்டர் ஏதாவது கேட்டால் என் பதிலின் முதல் இரண்டு வார்த்தை உடைந்துதான் வெளியே வரும். பல வருடமாக இப்படித்தான். மருத்துவர் இதைப் பதற்றக் கோளாறு என்றார்; மாத்திரை எழுதிக் கொடுத்து, உளவியலாளரிடமும் அனுப்பினார். அந்தப் பதற்றத்துக்குப் பின்னால் வரும் ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறேன். பதறியதற்காக என்னை நானே திட்டிக்கொள்வது.

திட்டு எப்படி இருக்கும் என்று சொல்லாமல் மேலே போனால் பயனில்லை. "இத்தனை வருஷ சர்வீஸ். ஒரு பீஸை அளக்கக் கை நடுங்குது. செக்கிங் பொண்ணுங்க எல்லாம் பார்த்துட்டு இருந்தாங்க. நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" வார்த்தைகள் அநேகமாக இவைதான். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது ஆரம்பிக்கும். வண்டியில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஓடும். இரவு படுத்தால் இன்ஸ்பெக்டரின் முகத்தோடு திரும்ப வரும். மறுநாளும் இருக்கும்.

நடுக்கம் அப்படி நீடிப்பதில்லை. பதற்றம் வரும்போது உடம்பில் அட்ரினலின் ஏறுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, கை வேர்க்கிறது, குடல் கலங்குகிறது. புதிதாகத் தூண்டாமல் விட்டால் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும். எனக்கு முதல் பத்துப் பதினைந்து பீஸ் அளக்கும் வரைதான் கை ஆடும். அதன் பிறகு வேலை என்னை இழுத்துக்கொள்ளும். ஆனால் அந்தச் சில நிமிடத்துக்காக இரண்டு நாள் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன், அதுவும் என்னிடமே.

உளவியலாளர் மேடம் இதைக் கேட்டதும் ஒரு தாளில் இரண்டு கோடு போட்டார். முதல் கோடு நடுக்கம். இரண்டாவது கோடு திட்டு. "முதலாவது உங்க உடம்பு செய்யறது சார். அதை உங்களால நேரடியா நிறுத்த முடியாது. ரெண்டாவதுல நமக்குக் கொஞ்சம் இடம் இருக்கு. அங்கிருந்து ஆரம்பிப்போம்" என்றார். பால் கில்பர்ட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர், கடுமையாகத் தன்னையே திட்டிக்கொள்பவர்களுக்காகக் கருணையை மையமாக வைத்த ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். அவர் சொல்வதன் சாரத்தை மேடம் எனக்கு இப்படி விளக்கினார்: ஆபத்து வந்தால் எச்சரிக்கும் அமைப்பு ஒன்று மூளையில் இருக்கிறது. வெளியிலிருந்து ஒருவன் கை ஓங்கினாலும் அது விழித்துக்கொள்ளும். உள்ளேயிருந்து நாமே நம்மைக் கேவலமாகப் பேசினாலும் விழித்துக்கொள்ளும். தாக்குவது யார் என்று அது பார்ப்பதில்லை. எனவே பதறியதற்காகத் திட்டினால், அந்தத் திட்டே அடுத்த பதற்றத்தை எழுப்பும். என் இரண்டு நாள் கணக்கு அங்கேதான் புரிந்தது. நடுக்கம் இறங்க இறங்க நானே அதை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தேன்.

புரிந்தால் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அதற்கடுத்த சந்திப்பில் மேடம் ஒரு கேள்வி கேட்டார். இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி அது: "திட்டறதை நிறுத்திட்டா என்ன ஆயிடும்னு பயப்படறீங்க?" யோசிக்காமலே பதில் வந்தது. "அசந்துருவேன் மேடம். கவனம் போயிரும். ஒரு ஷிப்மெண்ட் ரிஜெக்ட் ஆனா கம்பெனிக்கு லட்சக்கணக்குல நட்டம்." அதாவது, இத்தனை நாளாக நான் ஒழுங்காக வேலை பார்த்ததற்குக் காரணம் அந்தத் திட்டுத்தான் என்று நம்பியிருக்கிறேன். எங்கள் அப்பா அப்படித்தான் எங்களை வளர்த்தார். திட்டினால்தான் பிள்ளை உருப்படும் என்பது அவருக்கு அப்பட்டமான உண்மை. அவர் மேல் எனக்கு இன்று கோபமில்லை. ஆனால் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரிவது நல்லது.

இந்த நம்பிக்கையைத் தொடாமல் "உங்களிடம் அன்பாக இருங்கள்" என்று யார் சொன்னாலும் காதில் ஏறாது. காவல்காரனை வேலையை விட்டு அனுப்பச் சொல்வதுபோல் தோன்றும். எனக்கு உதவியது ஒரு ஆய்வு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் 2012-ல் வெளியிட்டது. மாணவர்களுக்கு வேண்டுமென்றே கடினமான ஒரு சொல் தேர்வை வைத்தார்கள். மதிப்பெண் குறைந்ததும் ஒரு பகுதியினரிடம், இந்தத் தேர்வு பலருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, உங்களை அதிகம் நொந்துகொள்ளாதீர்கள் என்கிற பொருளில் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரின் தன்மதிப்பை உயர்த்திப் பேசினார்கள். மறுதேர்வுக்குப் படிக்க நேரம் கொடுத்தபோது, முதல் பகுதியினர்தான் அதிக நேரம் உட்கார்ந்து படித்தார்கள். தங்களிடம் கனிவாக நடந்துகொண்டவர்கள் அசந்து போகவில்லை. கியூசி ஆளான எனக்கு இது பேச்சைவிட அதிகமாக ஏறியது. சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதால்.

பிறகுதான் பயிற்சி. முதல் வேலை, திட்டை அதன் சொந்த வார்த்தைகளில் எழுதுவது. சட்டைப் பையில் ஒரு சிறிய நோட்டு. "இன்று என்னை நானே தாழ்வாக நினைத்தேன்" என்று எழுதினால் அது அறிக்கை. அதில் திட்டின் சூடு இருக்காது. "த்தூ, வாய் திறந்தா குரல் வரல, நீயெல்லாம் எதுக்கு?" என்று உள்ளே கேட்டது கேட்டபடியே எழுத வேண்டும். யாரும் படிக்கப் போவதில்லை. எழுதிப் பார்த்தபோது இரண்டு வகை தெரிந்தது. ஒன்று, குறை சொல்லும் திட்டு: போதவில்லை, இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம். மற்றது, வெறுக்கும் திட்டு: நீ இருந்தே பயனில்லை. கில்பர்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2004-ல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். இரண்டாவது வகை ஆழமானது. மனச்சோர்வோடு சேர்ந்து வருவது. உங்கள் நோட்டில் அந்த வகை அடிக்கடி வந்தால், அல்லது செத்துவிடலாம் என்கிற நினைப்பு எட்டிப் பார்த்தால், இதைத் தனியாக வைத்துக்கொண்டு பயிற்சி செய்ய வேண்டாம். அன்றே யாரிடமாவது பேசுங்கள். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

இரண்டாவது வேலை, அந்தத் திட்டுக்குப் பதில் எழுதுவது. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். ஒரு நாளை அப்படியே எடுத்துச் சொல்கிறேன்.

சுமார் ஆறாயிரம் பீஸ் கொண்ட போலோ டி-ஷர்ட் ஆர்டர். காலர் துணிக்கும் உடம்புத் துணிக்கும் ஷேடில் லேசான வித்தியாசம் இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் தனியாக எடுத்து வைத்தார். பையர் அங்கீகரித்த ஷேடு பேண்டுக்குள், அதாவது அனுமதித்த நிற வித்தியாசத்துக்குள்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஃபைலில் ஸ்வாட்ச், அதாவது மாதிரித் துணித்துண்டு இருந்தது. அதை எடுத்துக் காட்டிப் பேசியபோது குரல் நடுங்கியது. ஸ்வாட்ச் கார்டு கையில் ஆடியது. அவர் அதை வாங்கி லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஷிப்மெண்ட் பாஸானது. ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கைகொடுத்துவிட்டுப் போனார். அன்று மாலை நோட்டில் எழுதியது இது: "கார்டு ஆடுனதை அவன் பார்த்தான். பொய் சொல்றவன் மாதிரி நின்ன. நல்லவேளை சரக்கு நல்லா இருந்துச்சு, உன்னால பாஸாகல."

இதற்கு முதலில் எழுதிய பதில்: "நீ தைரியசாலி. நீ சாதிச்சுட்ட." படித்ததும் மனம் அதை அப்படியே திருப்பி அனுப்பியது. தைரியசாலிக்குக் கார்டு ஆடுமா? புகழ்ச்சியாக எழுதினால் திட்டு அதற்கு எதிர்வாதம் செய்யும், அதுவே ஜெயிக்கும். அடுத்து எழுதியது: "பரவாயில்லை, விடு." இது கேட்க இதமாக இருக்கும், ஆனால் வலியைத் தள்ளிவிடும் வார்த்தை. கஷ்டப்பட்ட ஒருவனிடம் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றால் அவன் வாயை மூடிக்கொள்வானே தவிர ஆறுதல் அடைய மாட்டான்.

மேடம் மூன்று துண்டாக எழுதச் சொன்னார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிஸ்டின் நெஃப், 2003-ல் தன்மேல் கருணை என்பதை மூன்று பகுதியாக விளக்கினார்: நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் பார்ப்பது, இது எனக்கு மட்டும் வந்ததல்ல என்று உணர்வது, தண்டிக்காமல் கனிவாக நடத்துவது. அந்த வரிசையில் நான் எழுதிய பதில் இது:

"ஷேடு பத்திப் பேசும்போது உன் குரலும் கையும் நடுங்குச்சு. அது உனக்குக் கூச்சமா இருந்துச்சு, கஷ்டமா இருந்துச்சு. பையர் ஆளுக்கு முன்னாடி நிக்கறப்ப இந்த ஊர்ல எத்தனையோ கியூசிக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கத்தான் செய்யுது. நடுங்கற கையோடவே நீ சரியான ஸ்வாட்ச்சை எடுத்துக் குடுத்த. இப்ப உனக்கு வேண்டியது சாப்பாடும் தூக்கமும்."

இதில் புகழ்ச்சி இல்லை. பொய்யான வரி ஒன்றும் இல்லை. அதனால் மனம் எதிர்த்து வாதிட இடம் கிடைக்கவில்லை. அது எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிரவு இன்ஸ்பெக்டரின் முகம் வந்தபோது எனக்குச் சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது.

கவனித்தீர்களானால், அந்தப் பதிலில் நான் என்னை "நீ" என்று கூப்பிடுகிறேன். இதற்கும் காரணம் உண்டு. ஈதன் க்ராஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 2014-ல் வெளியிட்ட ஆய்வுகளில், மேடையில் பேசப் போகிறவர்களைப் பார்த்தார்கள். தங்களைப் பெயர் சொல்லியோ முன்னிலையிலோ அழைத்து யோசித்தவர்கள், "நான், நான்" என்று யோசித்தவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். பேசி முடித்த பிறகு அதையே நினைத்து மனதைப் போட்டு அரைப்பதும் அவர்களிடம் குறைவாக இருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பிந்தைய அரைப்புத்தான் பெரிய தொல்லை.

"ஆனால் திட்டும் 'நீ' என்றுதானே கூப்பிடுகிறது?" என்று கேட்கலாம். நானும் கேட்டேன். வித்தியாசம் தொனியில். ஒரே வாக்கியத்தை மேடம் இரண்டு விதமாகச் சொல்லச் சொன்னார். "கை நடுங்குச்சு, இல்ல?" என்பதை ஒருமுறை போலீஸ் விசாரணை மாதிரி, ஒருமுறை காய்ச்சலில் படுத்த பிள்ளையிடம் கேட்பது மாதிரி. வார்த்தை மாறவில்லை, உடம்பு இரண்டு விதமாகக் கேட்டது. அப்புறம், யாருடைய குரல் உங்களுக்குக் கனிவாக ஞாபகம் இருக்கிறது என்று கேட்டார். எனக்கு அம்மாவைப் பெற்ற அம்மிச்சியின் குரல். சின்ன வயதில் காங்கேயம் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் இறங்கப் பயந்து படியிலேயே உட்கார்ந்திருப்பேன். அம்மிச்சி கீழ்ப்படியில் நின்றுகொண்டு, "பயமா இருக்குதா கண்ணு? இருக்கட்டும் சாமி. என்ற கையப் புடிச்சுக்கிட்டு ஒரு படி எறங்கு" என்பார். பயப்படாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இறங்காமல் வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னதில்லை. என் நோட்டில் எழுதும் பதிலை இப்போது அந்தக் குரலில்தான் படிக்கிறேன். உங்களுக்கு அப்படி ஒரு குரல் ஞாபகத்தில் இல்லாவிட்டால், நீங்கள் யாரிடம் அப்படிப் பேசுவீர்களோ, அந்த உங்கள் குரலையே எடுத்துக்கொள்ளலாம். சிலருக்கு அது வீட்டு நாயிடம் பேசும் குரலாக இருக்கும். அதுவும் சரிதான்.

எழுத்து மாலைக்கு. இன்ஸ்பெக்ஷன் மேசை முன்னால் நோட்டை எடுக்க முடியாது. அங்கே உடம்பின் வழியாகத்தான் போக முடியும். இடது கையால் வலது மணிக்கட்டை மெல்லப் பிடித்துக்கொள்வேன், மேசைக்குக் கீழே, பிடித்தது யாருக்கும் தெரியாது. மூச்சை இழுத்ததைவிடக் கொஞ்சம் நீளமாக வெளியே விடுவேன். நிமிடத்துக்கு ஐந்தாறு மூச்சு என்கிற வேகம் வந்தால் நல்லது, எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. மனதுக்குள் ஒரே வரி: "கஷ்டமான நேரம். நான் கூட இருக்கேன்." தனியாக இருக்கும்போது ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்துக்கொள்வேன். ஜெர்மனியில் நடந்து 2021-ல் வெளியான ஒரு சோதனையில், பதற்றமூட்டும் பரீட்சைக்கு முன் இருபது விநாடி இப்படித் தன்னையே தொட்டுக்கொண்டவர்களுக்கு, அப்படிச் செய்யாதவர்களைவிடக் கார்ட்டிசால் என்கிற மனஅழுத்த ஹார்மோன் குறைவாகவே ஏறியது. அவர்கள் உணர்ந்த பதற்றம் மட்டும் அவ்வளவாக வேறுபடவில்லை. இதையும் சேர்த்தே சொல்கிறேன். ஏனென்றால் அடுத்த பள்ளம் இங்கேதான் இருக்கிறது.

பயிற்சி கைவந்த புதிதில் நான் அதை மாத்திரைபோல் விழுங்க ஆரம்பித்தேன். மணிக்கட்டைப் பிடிப்பேன், வரியைச் சொல்வேன், உடனே விரலைப் பார்ப்பேன்: நடுக்கம் நின்றதா? நிற்கவில்லை. "இதைக்கூட உனக்கு ஒழுங்காச் செய்யத் தெரியல" என்று திட்டு வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. கருணையே இன்னொரு பரீட்சையாகிவிட்டது. மேடம் சொன்னது: "நடுக்கம் போகணும்னு கனிவா இருந்தா அது பேரம் சார். காய்ச்சல் பிள்ளை பக்கத்துல நாம உட்கார்றது காய்ச்சல் எறங்கறதுக்காகவா? பிள்ளை கஷ்டப்படுதேன்னுதானே?" இதைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய அடையாளம் இருக்கிறது. வரியைச் சொன்ன பத்தாவது விநாடியில் பதற்றம் குறைந்ததா என்று அளந்து பார்க்கிறீர்கள் என்றால், நீங்கள் பேரம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அளப்பதை விட்டுவிட்டு, கையில் இருக்கும் பீஸுக்குத் திரும்பலாம். அதேபோல, திட்டிக்கொண்டதற்காகத் திட்டிக்கொள்வதும் வரும். "இவ்வளவு சொல்லியும் மறுபடி திட்டிட்டியே" என்று. அதற்குத் தனி மருந்து இல்லை. அதையும் நோட்டில் எழுதி அதே மூன்று துண்டுப் பதிலை எழுதுவதுதான்.

இன்னொன்றும் நடக்கலாம். கனிவான குரலில் படித்ததும் அழுகை பொத்துக்கொண்டு வரும், அல்லது நெஞ்சு இன்னும் இறுகும். எனக்கு அம்மிச்சி குரலில் முதல்முறை படித்தபோது தொண்டை அடைத்து, பயிற்சியே வேண்டாம் என்று மூடிவைத்தேன். வழக்கமாக நடப்பதுதான் என்றார் மேடம். கனிவு கிடைக்கும்போது, அது கிடைக்காமல் போன பழைய நாட்களெல்லாம் சேர்ந்து எழும்பும். கெட்டுப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு அளவைக் குறைக்க வேண்டும். நோட்டை மூடிவிட்டு, பாதம் தரையில் படுவதைக் கவனிப்பது, டீ போடுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது. அதுவும் தன்னைப் பார்த்துக்கொள்வதில் சேர்ந்ததுதான்.

என் தொழிலிலிருந்தே எனக்குக் கிடைத்த ஒரு வழியைச் சொல்ல வேண்டும். ஆறாயிரம் பீஸ் லாட்டில் வழக்கமாக 200 பீஸை எடுத்துப் பார்ப்போம். மேஜர் குறைக்கு ஏக்யூஎல், அதாவது பொறுக்கக்கூடிய குறை அளவு, 2.5 என்றால் 10 வரை பாஸ், 11 வந்தால் ஃபெயில். மைனருக்கு 4.0 என்றால் 14 வரை பாஸ். கிரிட்டிகல் குறை, அதாவது துணிக்குள் உடைந்த ஊசி மாதிரி போடுகிறவரைக் காயப்படுத்தக்கூடியது, ஒன்றுகூட இருக்கக் கூடாது. எத்தனை குறைவரை பொறுக்கலாம் என்பது பெட்டியைப் பிரிக்கும் முன்பே காகிதத்தில் இருக்கிறது. என் விஷயத்தில் அப்படி எந்தக் காகிதமும் இல்லை, எல்லாமே கிரிட்டிகல். எனவே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எனக்காக ஒன்று எழுதினேன். குரல் நடுங்கியது, வேர்த்தது, ஸ்வாட்ச் ஆடியது, இடையில் பாத்ரூம் போனது: மைனர். அளவுத் தாளைச் சரிபார்க்காமல் போனது, பதற்றத்துக்குப் பயந்து ஜூனியரைப் பேச விட்டுவிட்டு நழுவியது: மேஜர், மறுநாள் சரிசெய்ய வேண்டும். குறையைத் தெரிந்தே மறைப்பது: கிரிட்டிகல். திட்டு வரும்போது, எந்த வகை என்று கேட்பேன். பத்தில் ஒன்பது மைனரில்தான் விழும். உங்கள் வேலை வேறாக இருந்தாலும் இந்தக் காகிதத்தை எழுதலாம். ஒரே நிபந்தனை, பதறாத ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுத வேண்டும். பதறிய மாலையில் எழுதினால் மைனர் பக்கம் காலியாகவே இருக்கும்.

நழுவுவதை மேஜரில் வைத்தது யோசித்துத்தான். கருணை என்ற பெயரில் தவிர்ப்பு உள்ளே வர முடியும். "இன்னைக்கு உனக்கு முடியாது, லீவ் போடு" என்கிற குரலும் இதமாகத்தான் இருக்கும். ஒருமுறை தப்பித்தால் அடுத்த முறைக்கான பயம் பெரிதாகும். பதற்றச் சிகிச்சையில் பயப்படும் இடத்துக்குப் படிப்படியாகத் திரும்பப் போவதைச் சேர்த்து வைத்திருப்பது அதனால்தான். எனக்கும் அப்படித்தான் செய்தார்கள்: முதலில் கம்பெனிக்குள்ளேயே எங்கள் ஆட்களோடு நடக்கும் இன்லைன் செக்கிங்கில் சத்தமாகப் பேசுவது, பிறகு தெரிந்த இன்ஸ்பெக்டர், பிறகு புதியவர். அம்மிச்சி சொன்ன ஒரு படி. கனிவு, அந்தப் படியில் என்னோடு இறங்குவதற்கு. படியைத் தவிர்ப்பதற்கு உதவினால் அது வேறு ஏதோ.

ஒரு டீக்கடைப் பேச்சையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டிங் மாஸ்டர், எனக்கு மூத்தவர், ஊரே மதிக்கும் கை. ஒரு மாலை எதற்கோ என் நடுக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "துணிய அடுக்கடுக்கா விரிச்சு லே போடறதுக்கு முந்தி எனக்கு வயித்தக் கலக்குமுங்க. ஒரு தடவ தப்பாப் போச்சுன்னா அத்தன துணியும் வேஸ்ட்டுங்களே. வெளிய சொன்னா மாஸ்டருக்கே பயமாம்பாங்கன்னு சொல்றதில்லீங்க" என்றார். எத்தனை காலமாக ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம். "இது எனக்கு மட்டும் வந்ததல்ல" என்ற இரண்டாவது துண்டை நான் அதுவரை கடமைக்காகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆண்களுக்கு இந்தத் துண்டுதான் கடினம் என்று நினைக்கிறேன். பயத்தைச் சொல்வதே தோல்வி என்று வளர்க்கப்பட்டதால், பக்கத்தில் இருப்பவனின் பயம் நம் கண்ணில் படுவதே இல்லை. நம்பிக்கையான ஒருவரிடம் ஒருமுறையாவது சொல்லிப் பாருங்கள். அவரும் பயப்படுகிறவராக இல்லாமல் போகலாம். சொல்லியதற்காக நம்மை ஒதுக்க மாட்டார் என்று தெரிவதே போதும்.

மருத்துவப் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. கனிவு சிகிச்சைக்கு மாற்று ஆகாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் கை நடுங்கும், படபடப்பு வரும். எனக்கு முதலில் அந்த ரத்தப் பரிசோதனையைத்தான் செய்தார்கள். வெறும் வயிற்றில் குடிக்கும் ஸ்ட்ராங் காபியும் நடுக்கத்தை ஏற்றும். இன்ஸ்பெக்ஷன் நாளில் நான் காபியை விட்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகிறேன். மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நானாகக் கூட்டுவதோ நிறுத்துவதோ இல்லை. மாத்திரை சாப்பிடுவதற்காகவும் என்னைத் திட்டிக்கொண்ட காலம் உண்டு. அதற்கும் நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது.

இது வேலை செய்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? நடுக்கத்தை வைத்துப் பார்த்தால் ஏமாற்றம்தான். புதிய இன்ஸ்பெக்டர் வந்தால் இன்றும் முதல் சில பீஸுக்கு விரல் ஆடுகிறது. நான் பார்ப்பது அதற்குப் பிறகான நேரத்தை. முன்பு இரண்டு நாள் ஓடிய திட்டு இப்போது பெரும்பாலும் அன்று மாலையோடு முடிகிறது. மதியச் சாப்பாட்டு டப்பா வீட்டுக்குக் காலியாகத் திரும்புகிறது. அதை முதலில் கவனித்தது என் மனைவி. "ஏனுங்க, இன்னைக்கு இன்ஸ்பெக்ஷன்னு சொன்னீங்களே, சாப்புட்டுட்டீங்களா?" என்றாள். அடுத்த இன்ஸ்பெக்ஷன் தேதி வந்தால், அன்றைக்கு லீவ் போட ஏதாவது காரணம் கிடைக்குமா என்று காலண்டரைத் தேடுவதில்லை.

முந்தைய இரவு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. நாளை என்ன ஆகுமோ என்று படுக்கையில் ஓடுவதற்கு, நடந்து முடிந்ததற்கு எழுதும் பதில் அவ்வளவாகப் பொருந்தவில்லை. இப்போதைக்கு ஃபைலையும் ஸ்வாட்ச்சையும் மாலையிலேயே எடுத்து வைத்துவிடுகிறேன். தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார்ந்து, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, தூக்கம் வராத ராத்திரி கஷ்டம்தான் என்று சொல்லிக்கொள்கிறேன். அடுத்த சந்திப்பில் மேடத்திடம் கேட்க இதைத்தான் குறித்து வைத்திருக்கிறேன்.